மேனேஜர் லீவு, லோடு யார் ஏற்றுவார்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி நூல் வாங்குவது மில்லிடம். ஆனால் அன்றாட நடைமுறையில் அது ஒரே ஒரு மனிதரிடம்தான் வாங்குகிறது. மில்லின் மார்க்கெட்டிங் மேலாளரோ, சேல்ஸ் பிரிவில் மூத்த ஒருவரோ அந்தக் கம்பெனியின் கணக்கைக் கவனித்துக்கொள்கிறார். விலை பேசுவது அவர். எந்த லாட் நூலை ஒதுக்குவது, எந்தக் கிழமை லாரி புறப்படுவது, போன பில்லுக்கு இன்னும் எத்தனை நாள் பொறுப்பது என்பதெல்லாம் அவருடைய கைபேசியில் முடிகிற விஷயங்கள். ஆண்டுக்கணக்கில் பழகியவர் என்பதால் பாதிப் பேச்சு எழுத்தில் இருப்பதில்லை. "அனுப்பிடறேனுங்க" என்று அவர் சொல்லிவிட்டால் அனுப்பிவிடுவார்.

அவர் பத்து நாள் விடுப்பில் போகும்போது என்ன நடக்கிறது?

பெரும்பாலான கம்பெனிகள் இந்தக் கேள்வியை அவர் போன பிறகே கேட்கின்றன. விடுப்பு தொடங்கும் முன்பே, "நீங்கள் இல்லாத நாட்களில் எங்கள் ஆர்டரையும் லோடையும் யார் பார்ப்பார்கள்? பெயர் சொல்லுங்கள்" என்று சப்ளையரிடம் எழுதிக் கேட்பது சிறிய வேலைதான். இரண்டு பத்தி மின்னஞ்சல் போதும். அதைக் கேட்காமல் விட்டால் இழப்பு எங்கிருந்து வரும், கேட்டால் எதையெல்லாம் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை ஒரு நூல் ஆர்டரை வைத்தே பார்க்கலாம். கீழே வருவது கற்பனைக் கணக்கு. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு சிக்கலும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே.

2,400 கிலோ நூலின் கதை

ஒரு கம்பெனிக்கு 20,000 டீ-ஷர்ட் ஆர்டர் வந்திருக்கிறது. எல்லாம் ஒரே நிறம், கருநீலம். ஒரு டீ-ஷர்ட்டுக்குச் சுமார் 220 கிராம் துணி என்று வைத்தால் 4,400 கிலோ துணி வேண்டும். நிட்டிங்கிலும் சாயத்திலும் போகிற சேதாரத்தைச் சேர்த்தால் 4,800 கிலோ நூல் வாங்க வேண்டும். நூல் வருவது திண்டுக்கல் பக்கத்து மில் ஒன்றிலிருந்து. பாதி, அதாவது 2,400 கிலோ, வந்து துணியாகிச் சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. மீதி 2,400 கிலோ 15-ஆம் தேதி திங்கட்கிழமை காலை வர வேண்டும்.

இந்தக் கிழமைக்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிட்டிங் மிஷின் நாளொன்றுக்குச் சுமார் 250 கிலோ துணி ஓட்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மிஷின்களில் ஏற்றினால் இரண்டரை நாளில் வேலை முடியும். வியாழக்கிழமை சாயப்பட்டறையில் இந்தக் கம்பெனிக்கு முறை ஒதுக்கியிருக்கிறார்கள். சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் அந்த வியாழக்கிழமையிலிருந்தே எண்ணப்படுகின்றன. கடைசியில் தூத்துக்குடியில் கன்டெய்னரை ஒப்படைக்க ஒரு கெடு நேரம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து போகிற கன்டெய்னர்களில் பல, சிறிய கப்பலில் கொழும்பு சென்று அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. சிறிய கப்பலைத் தவறவிட்டால் பெரிய கப்பலும் தவறிவிடும்.

மில்லின் மார்க்கெட்டிங் மேலாளருக்கு வீட்டில் கல்யாணம். 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முதல் 22 வரை விடுப்பு. போகும்போது, "திங்கட்கிழமை லோடு வந்துடும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதில் பொய் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை லாரி வரவில்லை. கைபேசியில் பதில் இல்லை. மில்லுக்குப் போன் செய்தால், "சார் கல்யாண வேலையா போயிருக்காருங்க, வந்ததும் சொல்றோமுங்க" என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வேறொருவர் தேடிப் பார்த்துக் காரணம் சொல்கிறார்: முந்தைய லோடின் பில்லுக்கு 30 நாள் தவணை முடிந்துவிட்டது, பணம் வராததால் கணக்குப் பிரிவு அடுத்த லோடை நிறுத்தியிருக்கிறது. இந்தப் பில்லை 20-ஆம் தேதி தருவதாக மேலாளரிடம் பேசி, அவரும் சரி என்று சொல்லியிருந்தார். அந்தச் 'சரி' எந்தத் தாளிலும் இல்லை. கணக்குப் பிரிவின் கணினியைப் பொறுத்தவரை இது நிலுவை வைத்திருக்கும் வாடிக்கையாளர். அவ்வளவுதான்.

புதன்கிழமை முதலாளி மட்டத்தில் பேசி லோடு விடுவிக்கப்படுகிறது. வியாழக்கிழமை காலையில் லாரி வந்து சேருகிறது. மூட்டையின் சீட்டைப் பார்த்த ஃபேப்ரிக் மேனேஜர் தலையில் கைவைக்கிறார். லாட் நம்பர் வேறு.

இது ஏன் பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரே கவுண்ட், ஒரே தரம் என்றாலும், மில்லில் பஞ்சுக் கலவை மாறும்போது நூலின் லாட் மாறுகிறது. வெள்ளையாக இருக்கும்வரை இரண்டு லாட்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சாயம் ஏறும்போதுதான் தெரியும். ஒன்று கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், மற்றது குறைவாக. ஒரே துணியில் இரண்டு லாட்டும் கலந்துவிட்டால் குறுக்கே பட்டை பட்டையாக விழும். சாயம் ஏறிய பிறகு அதை மறைப்பது கடினம். மேலாளர் இந்தக் கம்பெனிக்கென்று ஒரு லாட்டை மனதில் ஒதுக்கி வைத்திருந்தார். குடோனில் அந்த மூட்டைகளின்மேல் யாருடைய பெயரும் இல்லை. சனிக்கிழமை வேறொரு வாடிக்கையாளருக்கு அவை ஏறிவிட்டன.

இனி கம்பெனிக்கு இருப்பது சமாளிப்பு வேலைதான். புது லாட்டில் சிறிய துண்டு ஓட்டி, பழைய துணியோடு ஒரே குளியலில் சாயம் போட்டு, எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கலாம். இரண்டு துணியும் ஒரே சட்டையில் சேராதபடி பழைய லாட்டைச் சிறிய அளவுகளுக்கும் புதிய லாட்டைப் பெரிய அளவுகளுக்கும் பிரித்து வெட்டலாம். ஒரு அளவுக்கும் இன்னொரு அளவுக்கும் இடையே இருக்கும் நிற வேறுபாட்டுக்கு வாங்குபவரின் சம்மதம் வாங்கலாம். எல்லாம் செய்யக்கூடியவையே. ஆனால் வியாழக்கிழமை சாய முறை போய்விட்டது. பட்டறை அடுத்த முறையை ஒரு வாரம் தள்ளித் தந்தால், துறைமுகக் கெடுவுக்கு முன் விட்டுவைத்திருந்த அவகாசம் முழுவதும் கரைந்துவிடும். அதற்குமேல் தாமதமானால் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். கப்பல் கூலியோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு. ஆர்டரின் லாபம் அங்கேயே போய்விடும்.

இங்கே நடந்தவற்றைத் திரும்பிப் பார்த்தால் யாரும் தவறான முடிவு எடுக்கவில்லை. கணக்குப் பிரிவு விதிப்படி நடந்தது. குடோன்காரர் பெயரில்லாத மூட்டையை ஏற்றினார். மேலாளர் விடுப்பில் போனது அவர் உரிமை. இரண்டு வாய்வார்த்தைகள் ஒரு மனிதரோடு சேர்ந்து விடுப்பில் போயின. ஒன்று பணத் தவணை, இன்னொன்று லாட் ஒதுக்கீடு. மாற்று ஆளைக் கேட்பதன் உண்மையான பயன் இந்த இரண்டையும் வெளியே கொண்டுவருவதில்தான் இருக்கிறது.

பெயர் மட்டும் போதாது

"நான் இல்லாதப்ப ஆபீஸ்ல யாரைக் கூப்பிட்டாலும் பார்த்துப்பாங்க" என்பது வழக்கமான பதில். இதை ஏற்றுக்கொள்ளக் கூடாது. யாரைக் கூப்பிட்டாலும் என்றால் யாரும் பொறுப்பில்லை என்று பொருள். கேட்க வேண்டியது ஒரு பெயர், அவருடைய பதவி, கைபேசி எண், மின்னஞ்சல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது.

அதைவிட முக்கியம், அவரால் எதை முடிவு செய்ய முடியும் என்பது. சேல்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் பெயரைத் தருவது சப்ளையருக்கு எளிது. அவர் மரியாதையாகப் பேசுவார், செய்தியை வாங்கிக்கொள்வார், கடைசியில் "சார்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார். சார் மணமேடையில் இருப்பார். ஆகவே நேரடியாகக் கேட்க வேண்டும்: லோடை விடுவிக்கும் அதிகாரம் இவருக்கு உண்டா? கணக்குப் பிரிவு நிறுத்தினால் இவர் பேசி விடுவிக்க முடியுமா? லாட் மாற வேண்டிய நிலை வந்தால் ஏற்றும் முன் கேட்டுவிட்டு ஏற்றுவாரா? அவரால் முடியாதவற்றுக்கு அவருக்கு மேலே யார்?

எல்லா அதிகாரமும் மாற்று ஆளுக்கு வராது. புதிய விலை பேசுவது, கடன் வரம்பை உயர்த்துவது போன்றவற்றை எந்த மில்லும் பத்து நாள் பொறுப்பாளரிடம் விடாது. அதை எதிர்பார்ப்பதும் சரியில்லை. அந்த வகை விஷயங்கள் ஏதாவது நிலுவையில் இருந்தால் மேலாளர் புறப்படும் முன் அவரோடு உட்கார்ந்து முடித்துவிட வேண்டும். நம் கதையில் 20-ஆம் தேதி பணம் என்ற ஒப்புதல் அப்படிப்பட்டது. அதை அவர் தம் கணக்குப் பிரிவுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தால் மாற்று ஆள் அந்த வரியைக் காட்டியே லோடை விடுவித்திருப்பார்.

எழுத்தில் வாங்குவதற்குச் சட்டரீதியான காரணமும் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 237-ஆவது பிரிவு முகவர்களைப் பற்றியது. ஒருவர் தம் சார்பில் இன்னொருவருக்கு அதிகாரம் உண்டு என்று மூன்றாம் தரப்பை நம்பவைத்திருந்தால், அந்த இன்னொருவர் தம் அதிகாரத்தைத் தாண்டிச் செய்ததற்கும் அவர் கட்டுப்பட வேண்டிவரும் என்கிறது அது. "12 முதல் 22 வரை எங்கள் சார்பில் இவர் ஆர்டர்களைக் கவனிப்பார்" என்று மில்லின் மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி வந்திருந்தால், "அவர் சொன்னது எங்களுக்குத் தெரியாது" என்று பின்னால் மில் சொல்வது கடினம். வாட்ஸ்அப் குரல் பதிவில் சொன்ன பெயருக்கு இவ்வளவு வலு கிடைப்பது அரிது.

எப்படிக் கேட்பது?

கேட்பதற்குத் தயங்குகிறவர்கள் பலர். மேலாளரை நம்பவில்லை என்று அவர் நினைத்துவிடுவாரோ, அவரைத் தாண்டி மேலே போவதாகத் தோன்றுமோ என்ற கூச்சம்தான் காரணம். வாடிக்கையாளர் உறவையே தம் பலமாக வைத்திருக்கும் விற்பனையாளர்களிடம் இந்தக் கூச்சத்துக்கு நியாயமும் இருக்கிறது. தம் கணக்கு இன்னொருவர் கைக்குப் போய்விடுமோ என்று அவர்களும் கவலைப்படலாம். இதற்கு நல்ல வழி, கேள்வியை அவரிடமே முதலில் கேட்டு, பெயரை அவரே சொல்ல விடுவது. அவர் தேர்ந்தெடுத்த ஆள் என்றால் ஒப்படைப்பும் ஒழுங்காக நடக்கும்.

விடுப்புக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு எழுதுவது நல்லது. கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். 12 முதல் 22 வரை விடுப்பில் இருப்பீர்கள் என்று சொன்னீர்கள். எங்கள் ஆர்டரில் 2,400 கிலோ நூல் 15-ஆம் தேதி காலை இங்கே வந்து சேர வேண்டும். முதல் லோடு வந்த அதே லாட் வேண்டும். முந்தைய பில்லுக்கான தொகையை 20-ஆம் தேதி செலுத்துவதாகப் பேசியிருக்கிறோம்.

இந்த நாட்களில் எங்கள் ஆர்டரையும் லோடையும் கவனிக்க ஒருவரின் பெயர், பதவி, எண் தந்து உதவுங்கள். லோடை விடுவிக்கவும், வண்டியோ லாட்டோ மாறினால் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவும் அவருக்குப் பொறுப்பு தர வேண்டுகிறோம். இந்தக் கடிதத்தை அவருக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்பினால் போதும். எங்கள் பக்கம் மெர்ச்சண்டைசர் கிடைக்காவிட்டால் ஃபேப்ரிக் மேனேஜரைக் கூப்பிடலாம். அவர் எண் கீழே இருக்கிறது. வீட்டு விசேஷம் நல்லபடியாக நடக்க வாழ்த்துகள்."

இந்தக் கடிதத்தில் நடப்பதைக் கவனித்தால், பெயரைக் கேட்பது இரண்டாவது பத்தியில்தான் வருகிறது. முதல் பத்தி முழுவதும் நிலுவையில் உள்ளவை: எவ்வளவு, எப்போது, எந்த லாட், பணம் என்ன பேச்சு. மேலாளரின் நினைவில் மட்டும் இருந்ததை வாங்குபவரே எழுதிக் கொடுத்துவிடுகிறார். விடுப்புக்கு முந்தைய நாள் அவசரத்தில் இருக்கும் மனிதருக்கு இதைவிட உதவி இல்லை. அவர் செய்ய வேண்டியது கடிதத்தை இரண்டு பேருக்கு முன்னனுப்புவது மட்டும்.

மின்னஞ்சலின் தானியங்கிப் பதிலை நம்பிச் சிலர் இருந்துவிடுகிறார்கள். "நான் விடுப்பில் இருக்கிறேன், அவசரத்துக்கு இன்னாரைத் தொடர்பு கொள்ளவும்" என்ற அந்தப் பதில், நாம் எழுதிய பிறகுதான் வரும். அதாவது சிக்கல் தொடங்கிய பிறகு. நூல் வியாபாரத்தில் பாதிக்கு மேல் போனிலும் வாட்ஸ்அப்பிலும் நடப்பதால் பல நேரம் அந்தப் பதில் வரவே வராது. ஆர்டரை ஒருவரின் சொந்த எண்ணுக்கு மட்டும் அனுப்பாமல், மில்லின் பொதுவான டெஸ்பாட்ச் முகவரிக்கும் நகல் போடும் பழக்கம் இருந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். மேலாளர் இல்லாவிட்டாலும் செய்தி அலுவலகத்தில் இருக்கும்.

பெயர் கிடைத்ததும் ஒருமுறை பரிசோதித்துப் பார்க்க வேண்டும். மேலாளர் இருக்கும்போதே மாற்று ஆளுக்குப் போன் செய்து, "எங்கள் மீதி லோடு எந்த லாட், எப்போது ஏறும்?" என்று கேட்டால் போதும். அவரால் பதில் சொல்ல முடிந்தால் ஒப்படைப்பு நடந்துவிட்டது. "அப்படியா, எனக்குச் சொல்லலீங்களே" என்றால், மேலாளர் இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறார். சரிசெய்ய நேரம் இருக்கிறது.

வண்டி புறப்பட்ட பிறகும் ஆள் வேண்டும்

லோடு ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு போக இ-வே பில் வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போனால் 50,000 ரூபாயிலேயே அது தேவை. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் ஆயுள். 2021 ஜனவரிக்கு முன் அது 100 கிலோமீட்டராக இருந்தது.

திண்டுக்கல்லிலிருந்து திருப்பூர் என்றால் ஒரு நாள் தாராளம். ஆனால் குஜராத்திலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ நூல் வருகிறது, நடுவழியில் லாரி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றுகிறார்கள் என்றால், இ-வே பில்லில் வண்டி எண்ணை மாற்ற வேண்டும். ஆயுள் முடியப்போகிறது என்றால் நீட்டிக்க வேண்டும். அந்த நீட்டிப்பைக் காலாவதிக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும்தான் செய்ய முடியும். ஆயுள் நள்ளிரவில் முடிவதால் அந்த ஜன்னல் காலை 8 மணிக்கு மூடிவிடும், அதற்குப் பிறகு ஆபீஸ் திறந்து பயனில்லை. சோதனையில் வண்டி நிறுத்தப்பட்டால் அபராதம் கட்டிச் சரக்கை எடுக்க வேண்டிவரும். ஆகவே தூரத்து லோடுகளுக்கு விற்பனைப் பக்கத்துப் பெயரோடு, வண்டி விஷயத்தைக் கவனிக்கும் டெஸ்பாட்ச் ஆளின் எண்ணையும் டிரான்ஸ்போர்ட்காரர் எண்ணையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பல மில்களில் இவை வேறு வேறு ஆட்கள்.

சீனப் புத்தாண்டு என்ற பெரிய விடுப்பு

ஒரு மனிதர் இல்லாமல் போவது ஒன்று, ஒரு நாடே இல்லாமல் போவது இன்னொன்று. ஜிப், பட்டன், சில வகைச் செயற்கை நூல் துணிகள் என்று சீனாவிலிருந்து வாங்குபவர்களுக்குச் சீனப் புத்தாண்டு தெரியும். தேதி ஆண்டுதோறும் மாறும். 2025-இல் ஜனவரி 29, 2026-இல் பிப்ரவரி 17. அரசு விடுமுறை ஒரு வாரம் சொச்சம்தான் என்றாலும், தொழிலாளர்கள் தொலைதூரச் சொந்த ஊர்களுக்குப் போய்த் திரும்புவதால் ஆலைகள் அதைவிட நீண்ட நாட்கள் மூடியிருக்கும்.

சரக்கு விடுமுறைக்கு முன்பே கப்பலேறிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது ஆவணத்தில். கப்பல் வந்ததும் சரக்கை எடுக்க, கப்பல் நிறுவனத்திடம் டெலிவரி ஆர்டர் வாங்க வேண்டும். அதற்கு மூல பில் ஆஃப் லேடிங் கூரியரில் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், விற்றவர் தம் ஊரிலேயே அந்த மூலத்தைக் கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்து, 'டெலெக்ஸ் ரிலீஸ்' என்று சொல்லப்படும் விடுவிப்புச் செய்தியை இங்கே அனுப்பச் செய்ய வேண்டும். அதை அங்கே ஒருவர் உட்கார்ந்து செய்தாக வேண்டும். ஏற்றும்போது சுறுசுறுப்பாக இருந்த சேல்ஸ் பெண்மணி, கப்பல் சென்னையைத் தொடும்போது ரயிலில் சொந்த ஊர் போய்க்கொண்டிருப்பார்.

இங்கே கடிகாரம் நிற்காது. இந்தியச் சுங்க விதிப்படி இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியைப் பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாள் விடுமுறையாக இருந்தாலும் கணக்கில் சேரும். தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். இன்வாய்ஸில் ஒரு எடை தவறி, பேக்கிங் லிஸ்டோடு ஒத்துப்போகாமல், திருத்தித் தர ஆள் இல்லை என்றால் இந்த மீட்டர் ஓடத் தொடங்கும். இலவச நாட்கள் முடிந்ததும் கன்டெய்னருக்கான கப்பல் நிறுவனத்தின் கட்டணமும் இறங்கிய இடத்துக்கான வாடகையும் தனித்தனியாகச் சேரும்.

ஆகவே சீன சப்ளையரிடம் கேட்க வேண்டிய மாற்று ஆள் ஆர்டர் எடுப்பவர் இல்லை. ஷிப்பிங் ஆவணம் பார்ப்பவர். விடுமுறையில் அவரும் இருக்க மாட்டார் என்றால் கோரிக்கையை மாற்ற வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் வரைவு மூன்றையும் விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பச் சொல்லிச் சரிபார்த்துவிட வேண்டும். பணத்தைத் தீர்த்து, டெலெக்ஸ் ரிலீஸை ஆலை மூடும் முன்பே முடித்துத் தரச் சொல்ல வேண்டும். ஏற்றிய துறைமுகத்தில் சப்ளையருக்காக வேலை செய்த சரக்கு முகவரின் விடுமுறைக்கால எண்ணையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் இருக்க முடியாத நாட்களுக்கு, ஆள் தேவைப்படாதபடி வேலையை முன்னே இழுத்துவைப்பதுதான் வழி.

மாற்று ஆள் வேஷத்தில் வருபவர்

"எங்கள் மேலாளர் விடுப்பில் இருக்கிறார். இனி உங்கள் கணக்கை நான் பார்க்கிறேன். ஆடிட் நடப்பதால் எங்கள் பழைய வங்கிக் கணக்கில் பணம் போட வேண்டாம், புதிய கணக்கு எண் இதோ." இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் அதில் முதல் இரண்டு வாக்கியங்கள் முழு உண்மையாகக்கூட இருக்கலாம். மின்னஞ்சல் கணக்குகளுக்குள் நுழைந்து வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கும் மோசடிக்காரர்கள், வழக்கமான ஆள் இல்லாத நேரத்தைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள். முகவரியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது.

சப்ளையர் வேஷம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எவால்தாஸ் ரிமாசௌஸ்காஸ் என்ற லித்துவேனியக்காரரின் வழக்கு இருக்கிறது. தைவானைச் சேர்ந்த குவான்டா கம்ப்யூட்டர் என்ற சப்ளையரின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்து, போலி இன்வாய்ஸ்களை அனுப்பி, ஃபேஸ்புக்கிடமும் கூகுளிடமும் 2013 முதல் 2015 வரை 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019 டிசம்பரில் அவருக்கு அமெரிக்க நீதிமன்றம் ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அத்தனை பெரிய கணக்குப் பிரிவுகளே ஏமாந்த இடம் இது.

முன்கூட்டியே பெயர் கேட்டு வைப்பது இதற்கும் காப்பு. நமக்குப் பழக்கமான மேலாளர், பழக்கமான எண்ணிலிருந்து, விடுப்புக்கு முன் சொன்ன பெயர் நம் கையில் இருக்கிறது. வேறு பெயரில் யார் வந்தாலும் அது கேள்விக்குரியது. அதோடு இரு தரப்பும் ஒரு விதியை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்: மாற்று ஆள் ஆர்டரையும் லோடையும் மட்டும் பார்ப்பார், வங்கிக் கணக்கு மாற்றம் எதுவும் அவர் வழியாக வராது. அப்படியும் மாற்றம் என்று செய்தி வந்தால், அந்தச் செய்தியில் உள்ள எண்ணுக்கு இல்லாமல், பழைய பில்லில் அச்சாகியிருக்கும் மில் எண்ணுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லி, தம் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் முடக்க முடிவது முதல் சில மணி நேரங்களில்தான்.

ஆளே இல்லாத இடத்தில்

எல்லா சப்ளையரும் மில் அளவில் இருப்பதில்லை. லேபிள் அடிப்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், எம்பிராய்டரி போடுபவர் என்று கணவனும் மனைவியும் நான்கு தொழிலாளர்களுமாக நடத்தும் இடங்கள் திருப்பூரில் நிறைய. அவர்களிடம் மாற்று ஆளின் பெயர் கேட்டால், "நான்தானுங்க எல்லாம்" என்பார்கள். அது உண்மை. அங்கே கேட்க வேண்டியது வேறு. "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எங்க லேபிளை முடிச்சுக் கொடுத்துட முடியுங்களா? இல்லைன்னா முடிஞ்ச வரைக்கும் எடுத்துக்கறோம். கடைச் சாவி யார்கிட்ட இருக்கும்?" கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். தயாரான 20,000 லேபிள் பூட்டிய கடைக்குள் இருக்க, பேக்கிங் மேசை சும்மா நிற்பது நடக்கக்கூடியதே.

தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடும் தீபாவளி, பொங்கல் நாட்களில் பெரிய மில்லிலும் இதே நிலைதான். ஒரு மேலாளர் போனால் இன்னொருவர் பார்ப்பார். டெஸ்பாட்சே மூடியிருந்தால் யாருடைய பெயரும் உதவாது. ஆகவே தனி விடுப்புக்கு ஆளைக் கேட்பதும், பொது விடுமுறைக்கு முன்கூட்டி லோடைக் கேட்பதும் இரண்டு தனி வேலைகள். ஆண்டுத் தொடக்கத்தில் சப்ளையர்களின் மூடும் தேதிகளை வாங்கி ஒரு தாளில் எழுதி மெர்ச்சண்டைசரின் மேசையில் ஒட்டினால் இரண்டாவது வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

மேலாளர் 23-ஆம் தேதி திரும்பி வரும்போது அவரிடம் மூன்று வரியில் ஒரு செய்தி போக வேண்டும். என்ன வந்தது, என்ன பேசி முடித்தோம், என்ன பாக்கி. மாற்று ஆளுக்கும் அதன் நகல். இல்லாவிட்டால் ஒரே ஆர்டரை இருவரும் பதிந்து லோடு இரண்டு தடவை வருவதும் உண்டு, இருவரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவதும் உண்டு. அந்த நகலோடு, மாற்று ஆளின் எண்ணைக் கம்பெனியின் சப்ளையர் பதிவேட்டில், கேட்ட தேதியைக் குறித்துச் சேர்த்துவிட வேண்டும். மில்களில் ஆட்கள் மாறுகிறார்கள், எண்கள் மாறுகின்றன. அடுத்த விடுப்புக்கு அந்தப் பெயர் அப்படியே செல்லுமா என்று ஒரு போனில் உறுதி செய்துகொள்ள அந்தத் தேதி நினைவூட்டும்.